விசில் ஒன்று, குற்றம் இரண்டு: கூடைப்பந்தில் ஃபவுலும் வயலேஷனும்

கூடைப்பந்து ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்க வருபவரை முதலில் திணறடிப்பது விசில்தான். ஒரு தடவை ஊதினால் ஓர் ஆட்டக்காரர் கோட்டில் தனியாக நின்று கூடையை நோக்கிப் பந்தை எறிகிறார். இன்னொரு தடவை ஊதினால் யாரும் எதுவும் எறிவதில்லை. பந்து பேசாமல் எதிரணியின் கைக்குப் போய்விடுகிறது. ஏன் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால், இரண்டுக்கும் ‘ஃபவுல்’ என்றே பதில் வரும். பாதி நேரம் அந்தப் பதில் தவறு.

விடை நடுவரின் கையில் இருக்கிறது. விசில் ஊதும்போதே அவர் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்குவார். விரல்களை மடக்கி முஷ்டியாகத் தூக்கினால் அது ஃபவுல். விரல்களைச் சேர்த்து உள்ளங்கையை விரித்துத் தூக்கினால் அது வயலேஷன். ஃபவுல் என்பது பெரும்பாலும் இன்னொரு ஆட்டக்காரரின் உடலுக்கு இழைத்த தவறு: தள்ளியது, பிடித்தது, கையில் அடித்தது, வழியை மறித்து மோதியது. வயலேஷனில் யாருக்கும் அடிபடுவதில்லை. பந்தோடோ கோட்டோடோ கடிகாரத்தோடோ ஆட்டக்காரர் செய்த பிழை அது. டிராவலிங், டபுள் டிரிப்பிள் இரண்டும் இந்த வகை. மைதானத்தில் ஒருவர் தனியாக நின்றிருந்தாலும் டிராவலிங் செய்துவிட முடியும். ஃபவுல் செய்யக் கிட்டத்தட்ட எப்போதும் இன்னொருவர் வேண்டும்.

தண்டனையும் அதற்கேற்றபடிதான். வயலேஷனுக்குப் பந்து பறிபோகும். தவறு நடந்த இடத்துக்கு அருகே, எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து எதிரணி பந்தை உள்ளே வீசும். கணக்கு அத்தோடு தீர்ந்தது. யார் செய்தார் என்று எவரும் எழுதி வைப்பதில்லை. ஒரே ஆட்டக்காரர் ஒரு ஆட்டத்தில் பத்து முறை டிராவலிங் செய்தாலும் அவரை வெளியே அனுப்ப முடியாது, பயிற்சியாளருக்குக் கோபம் வந்தால் ஒழிய. ஃபவுல் அப்படியல்ல. நடுவர் ஸ்கோர் மேசையைப் பார்த்து, செய்தவரின் சட்டை எண்ணை விரல்களால் காட்டுவார். மேசையில் அது அவர் பெயருக்கு நேரே ஏறும். அணியின் கணக்கிலும் ஏறும்.

இந்த இரண்டையும் மக்கள் ஒன்றாகக் குழப்புவதில் ஒரு நியாயமும் இருக்கிறது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்துக்காக எழுதிய 13 விதிகளில், பந்தோடு ஓடுவதும் ஃபவுல் பட்டியலில்தான் இருந்தது. எதிராளியைத் தோளால் இடிப்பதும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அன்று ஒரே தலைப்பின் கீழ் வந்தன. ஓர் அணி தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் எதிரணிக்கு ஒரு கோல். ஃப்ரீ த்ரோ என்ற ஒன்றே அந்த 13 விதிகளில் இல்லை. உடலைத் தொடும் தவறையும் பந்தைக் கையாளும் தவறையும் வேறு வேறாகப் பிரித்தது பிற்பாடு நடந்தது.

நெய்ஸ்மித்தின் முதல் விதிகளில் டிரிப்ளிங்கும் கிடையாது. பந்தைப் பிடித்தவர் பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். ஓடிவந்து பிடித்தவருக்கு மட்டும் நிற்கக் கொஞ்சம் சலுகை. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகரும் வித்தை பின்னால் வந்து சேர்ந்தது. இன்றைய டிராவலிங் விதியைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்தால் போதும்: பந்து கையில் இருக்கும்போது நகர உரிமை இல்லை, நகர வேண்டுமென்றால் தட்ட வேண்டும். தட்டும்போது எத்தனை அடி வேண்டுமானாலும் வைக்கலாம். எண்ணிக்கை தொடங்குவது பந்து கையில் தங்கிய பிறகுதான்.

நின்றபடி பந்தைப் பிடித்தவரை முதலில் பார்ப்போம். இரண்டு காலும் தரையில் இருக்கின்றன. அவர் ஒரு காலைத் தூக்கிய நொடியில் மற்றக் கால் ‘பிவட்’ கால் ஆகிவிடும். கவராயத்தின் முள் போல அந்தக் கால் ஒரே இடத்தில் ஊன்றியிருக்க வேண்டும். அதன்மீது அவர் சுழலலாம். மற்றக் காலை முன்னும் பின்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாம். பார்க்கிறவர்கள் ‘நாலு ஸ்டெப் வச்சுட்டான்’ என்று கத்துவார்கள். பிவட் கால் நகரவில்லை என்றால் அது நாலு அல்ல, நாற்பது ஆனாலும் குற்றமில்லை.

ஊன்றிய காலை எப்போது எடுக்கலாம் என்பதில்தான் நுணுக்கம். தட்டத் தொடங்குவதாக இருந்தால், பிவட் கால் தரையை விடுவதற்கு முன்பே பந்து கையை விட்டிருக்க வேண்டும். பாஸ் கொடுக்கவோ கூடைக்கு எறியவோ போகிறார் என்றால் காலைத் தூக்கலாம், எம்பிக் குதிக்கவும் செய்யலாம். ஆனால் அந்தக் கால் மறுபடி தரையைத் தொடுவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். புதிதாக ஆடுபவர்களின் டிராவலிங்கில் பெரும்பங்கு முதல் வகையில்தான் வரும். எதிராளியைத் தாண்டும் அவசரத்தில் காலை முதலில் எடுத்துவிட்டு, பந்தைப் பிறகு தட்டுவார்கள். கண்ணுக்கு அது ஓர் இமைப்பொழுது. நடுவரோ அந்த நேரத்தில் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார், காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஓடிக்கொண்டே பந்தைப் பிடிப்பவருக்கு, அல்லது தட்டிக்கொண்டு வந்து பந்தைக் கையில் எடுப்பவருக்கு, இரண்டு அடி உண்டு. அந்த இரண்டுக்குள் நிற்க வேண்டும், எறிய வேண்டும் அல்லது பாஸ் செய்ய வேண்டும். லே-அப் என்கிற அந்த அழகான ஓட்டம் இந்தச் சலுகையில் பிறந்ததுதான். இங்கே ஒரு கண்கட்டு உண்டு. பந்தைக் கையில் எடுக்கும் நொடியில் ஒரு கால் ஏற்கெனவே தரையில் இருந்தால் அந்தக் கால் கணக்கில் சேராது. அதற்கு அடுத்து ஊன்றுவதுதான் முதல் அடி. அதனால் முறையான லே-அப் ஒன்று, பார்ப்பவருக்கு மூன்று அடி வைத்தது போலத் தெரியும். சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபா 2017இல் இதை விதிப்புத்தகத்திலேயே தெளிவாக எழுதிவிட்டது. தொலைக்காட்சியில் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் டிராவலிங் செய்கிறார்கள், நடுவர்கள் கண்டுகொள்வதில்லை என்று குமுறுபவர்களில் பலர் இந்தப் பூஜ்ஜிய அடியையும் சேர்த்து எண்ணுபவர்கள்தான். எல்லாரும் அல்ல, நடுவர்கள் கண்டுகொள்ளாமல் விடுவதும் உண்டு, அதற்கு வருகிறேன்.

டபுள் டிரிப்பிள் இதைவிட எளிது. பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறீர்கள். இரண்டு கைகளாலும் ஒருசேரப் பந்தைத் தொட்டாலோ, ஒரு கையிலாவது அதைத் தங்க விட்டாலோ உங்கள் டிரிப்ளிங் முடிந்தது. இனி பாஸ் செய்யலாம், எறியலாம், பிவட் காலில் நின்று சுழலலாம். மறுபடி தட்ட முடியாது. தட்டினால் விசில், நடுவர் இரண்டு உள்ளங்கைகளையும் கீழ்நோக்கி வைத்து மாறி மாறித் தட்டிக் காட்டுவார். டிராவலிங்குக்கு முஷ்டிகளை ஒன்றையொன்று சுற்றிக் காட்டுவார். கால் செய்த பிழை டிராவலிங், கை செய்த பிழை டபுள் டிரிப்பிள் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இதிலும் ஒரு மறைமுக வடிவம் இருக்கிறது. சிலர் பந்தின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, ஒரு கணம் ஏந்திவிட்டு மறுபடி தட்டுவார்கள். இரண்டு கை படவே இல்லையே என்று வாதிடுவார்கள். ஆனால் பந்து கையில் தங்கிவிட்டது; அங்கேயே டிரிப்ளிங் முடிந்துவிட்டது; அடுத்த தட்டு இரண்டாவது டிரிப்ளிங். மாறாக, பிடி தவறிப் பந்து கைநழுவினால் அது டிரிப்ளிங் ஆகாது. தட்டி முடித்த பிறகு பந்து நழுவி விழுந்தாலும் ஓடிப்போய் எடுத்துக்கொள்ளலாம், மறுபடி தட்டத்தான் கூடாது. எதிராளி கைபட்டுப் பந்து உங்களை விட்டுப் போய், திரும்ப உங்களிடமே வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும், மறுபடி தட்டலாம். கோட்டைத் தாண்டுவது, கூடைக்குக் கீழே உள்ள பகுதியில் மூன்று நொடிக்கு மேல் தங்குவது, 24 நொடிக்குள் எறியாமல் விடுவது போன்ற மற்ற வயலேஷன்களையும் போகப்போகக் கண் பழகிக்கொள்ளும்.

இனி முஷ்டிக்கு வருவோம். பத்துப் பேர் ஒரு சின்னத் தளத்தில் ஓடும்போது உடல் உரசாமல் இருக்காது. உரசல் எல்லாமே ஃபவுல் அல்ல. யாருக்கு அந்த இடம் சொந்தம் என்பதுதான் கேள்வி. ஒவ்வொருவருக்கும் அவர் நிற்கும் தரையும், அதற்கு நேர் மேலே உள்ள காற்றும் சொந்தம். தடுப்பவர் தன் இடத்தில் நின்றபடி கைகளை நேராகத் தூக்கி எம்பினால், எறிபவர் வந்து அவர்மேல் மோதினாலும் தடுத்தவர்மேல் குற்றமில்லை. அதே கைகளை முன்னால் சாய்த்து எறிபவரின் மேல் இறக்கினால் குற்றம்.

பந்தோடு வருபவரும் தடுப்பவரும் நெஞ்சோடு நெஞ்சு மோதினால் யார் மேல் ஃபவுல்? எதிராளியைப் பார்த்தபடி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, மோதலுக்கு முன்பே தடுப்பவர் வழியில் நின்றுவிட்டாரா என்று நடுவர் பார்ப்பார். நின்றிருந்தால் மோதியவர் மேல் ஃபவுல். பக்கவாட்டிலிருந்து கடைசி நொடியில் இடுப்பைக் கொடுத்து மறித்தால் தடுத்தவர் மேல். தடுப்பவர் சிலை மாதிரி நிற்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முறையாக நின்ற பிறகு பின்னாலோ பக்கத்திலோ நகர்ந்து வழியைக் காக்க அவருக்கு உரிமை உண்டு. பந்தோடு வருபவர் ஏற்கெனவே காற்றில் எழும்பிவிட்டால் மட்டும், அவர் இறங்கும் இடத்தில் புதிதாகப் புகக் கூடாது.

தள்ளியதால் ஒருவர் தடுமாறி நாலு அடி வைத்துவிட்டால் என்ன செய்வது? எது முதலில் நடந்தது என்பதே தீர்ப்பு. தள்ளல்தான் தடுமாற்றத்துக்குக் காரணம் என்று நடுவர் கருதினால், முஷ்டி உயரும். அடிகள் கணக்கில் வராது. கால் முதலில் பிசகி, விசில் ஊதிய பிறகு மோதல் நடந்திருந்தால் டிராவலிங் மட்டுமே.

ஃபவுலுக்கு எப்போது ஃப்ரீ த்ரோ, எப்போது இல்லை என்பது புதியவர்கள் எல்லாரையும் வதைக்கும் கேள்வி. கூடைக்கு எறிந்துகொண்டிருப்பவர்மேல் ஃபவுல் செய்தால் எப்போதும் ஃப்ரீ த்ரோ உண்டு. பந்து கூடைக்குள் விழவில்லை என்றால், எறிந்தது இரண்டு புள்ளிக்கான இடமாக இருந்தால் இரண்டு, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்தால் மூன்று. பந்து விழுந்துவிட்டால் அந்தப் புள்ளிகளும் சேரும், மேலே ஒரு ஃப்ரீ த்ரோவும் சேரும்.

எறியாதவர்மேல் செய்தால் அணியின் கணக்கைப் பார்க்க வேண்டும். ஃபிபா விதிப்படி பத்து நிமிடக் கால்பகுதி ஒவ்வொன்றிலும் ஓர் அணிக்கு நான்கு ஃபவுல் வரை பொறுத்துக்கொள்வார்கள். எதிரணிக்குப் பந்து மட்டும் கிடைக்கும். ஐந்தாவதிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ. ஆகவே முதல் நிமிடத்தில் முழங்கையைப் பிடித்து இழுத்ததற்குப் பந்து மட்டும் போய், எட்டாவது நிமிடத்தில் அதே இழுப்புக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ போனால் நடுவர் பாரபட்சம் காட்டவில்லை. இடையில் கணக்கு நான்கைத் தாண்டிவிட்டது. பந்தை வைத்திருக்கும் அணியே மோதி ஃபவுல் செய்தால் இந்த விதி பொருந்தாது. கணக்கு எத்தனை ஆகியிருந்தாலும் எதிரணிக்குப் பந்து மட்டும்தான், ஃப்ரீ த்ரோ இல்லை. கால்பகுதி முடிந்ததும் அணியின் கணக்கு அழிந்துவிடும். தனி ஆளின் கணக்கு அழியாது. ஐந்து ஆனதும் அவர் வெளியேற வேண்டும். 48 நிமிடம் ஆடும் அமெரிக்க என்பிஏவில் ஆறு.

ஃப்ரீ த்ரோ கோடு, கூடைப் பலகையின் முகப்பிலிருந்து 4.6 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. பந்தைத் தடுக்க எதிரே யாரும் வரக் கூடாது. ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. யார்மேல் ஃபவுல் நடந்ததோ அவரே எறிய வேண்டும். நடுவர் பந்தைக் கொடுத்த ஐந்து நொடிக்குள் எறிய வேண்டும், எறிவது போலப் பாவனை காட்டக் கூடாது, பந்து வளையத்தைத் தொடும்வரை கோட்டை மிதிக்கக் கூடாது. மிதித்தால் பந்து விழுந்தாலும் புள்ளி இல்லை. இருபுறமும் வரிசையில் நிற்பவர்களில் கூடைக்கு மிக அருகில் இருப்பவர்கள் எதிரணியினர். பந்து எறிபவரின் கையை விட்ட பிறகே யாரும் உள்ளே புகலாம். எதிரணியினர் முந்திக்கொண்டு புகுந்து, பந்தும் விழாமல் போனால் எறிபவருக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கும்.

கேட்க எளிதாக இருக்கிறதே என்றால், வில்ட் சேம்பர்லினைக் கேட்க வேண்டும். 1962 மார்ச் 2ஆம் தேதி ஒரே என்பிஏ ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தவர் அவர். அன்று இரு கைகளாலும் கீழிருந்து வீசும் முறையில் 32 ஃப்ரீ த்ரோக்களில் 28ஐப் போட்டார். பிறகு அந்த முறையைக் கைவிட்டார். பார்க்க நன்றாக இல்லை என்ற கூச்சம்தான் காரணம். வாழ்நாள் கணக்கில் அவர் போட்டது பாதிக்குச் சற்றே மேல். சரியாகப் போடத் தெரியாத பெரிய ஆட்டக்காரரை வேண்டுமென்றே ஃபவுல் செய்து கோட்டுக்கு அனுப்பும் தந்திரம் இப்படிப்பட்டவர்களால்தான் பிறந்தது.

உடலையே தொடாத ஃபவுலும் ஒன்று உண்டு. நடுவரைத் திட்டுவது, ஆட்டத்தைத் தாமதப்படுத்துவது போன்றவற்றுக்கு டெக்னிகல் ஃபவுல் விதிப்பார்கள். வயலேஷனுக்கும் அதற்கும் உள்ள விலை வித்தியாசத்தை 1993 ஏப்ரல் 5ஆம் தேதி நியூ ஆர்லியன்சில் நடந்த அமெரிக்கக் கல்லூரி இறுதியாட்டத்தில் காணலாம்.

நார்த் கரோலினா 73, மிச்சிகன் 71. சுமார் இருபது நொடிதான் பாக்கி. கரோலினா ஆட்டக்காரர் தன் இரண்டாவது ஃப்ரீ த்ரோவைத் தவறவிட, மிச்சிகனின் கிறிஸ் வெபர் பந்தைப் பிடித்தார். பாஸ் கொடுக்கவா தட்டவா என்று தயங்கியதில் பிவட் கால் இழுபட்டது. அப்பட்டமான டிராவலிங். கரோலினா பக்கம் எல்லாரும் துள்ளி எழுந்தார்கள். நடுவர் விசில் ஊதவில்லை. வெபர் தட்டிக்கொண்டே எதிர்ப்பக்கம் போய், தன் அணி உட்கார்ந்திருந்த இடத்துக்கு அருகே மூலையில் இரண்டு பேரிடம் சிக்கினார். தட்டுவதை நிறுத்திப் பந்தைக் கையில் எடுத்தார். இனி மறுபடி தட்ட முடியாது. தட்டினால் டபுள் டிரிப்பிள். பாஸ் செய்யவும் வழியில்லை. 11 நொடி இருக்கும்போது கைகளால் ‘டி’ காட்டி டைம் அவுட் கேட்டார். மிச்சிகனிடம் டைம் அவுட் ஒன்றுகூட மிச்சமில்லை. இல்லாத டைம் அவுட்டைக் கேட்பது அந்த விதிப்புத்தகத்தில் டெக்னிகல் ஃபவுல்.

இப்போது கணக்குப் போடுங்கள். முதலிலேயே டிராவலிங் ஊதியிருந்தால் மிச்சிகன் இழந்திருப்பது பந்து மட்டும். இரண்டு புள்ளி பின்தங்கி, கடிகாரத்தை நிறுத்த எதிராளியை ஃபவுல் செய்து, அவர் ஃப்ரீ த்ரோவைத் தவறவிடுவார் என்று காத்திருந்திருக்கலாம். கடினம்தான், ஆனால் உயிர் இருந்திருக்கும். டெக்னிகல் ஃபவுலுக்கு அன்றைய கல்லூரி விதிப்படி இரண்டு ஃப்ரீ த்ரோவும் பந்தும் கரோலினாவுக்கே போயின. டொனால்ட் வில்லியம்ஸ் இரண்டையும் போட்டார், 75-71. பந்தும் அவர்களிடமே இருந்ததால் மிச்சிகன் மறுபடி ஃபவுல் செய்ய வேண்டியதாயிற்று. வில்லியம்ஸ் அந்த இரண்டையும் போட்டார். ஆட்டம் 77-71 என்று முடிந்தது.

இந்தியாவில் ஆட்டங்கள் நடப்பது ஃபிபா விதியில். அதில் டைம் அவுட்டை ஆட்டக்காரர் கேட்கவே முடியாது. தலைமைப் பயிற்சியாளரோ முதல் துணைப் பயிற்சியாளரோ ஸ்கோர் மேசையில்தான் கேட்க வேண்டும். வெபருக்கு நேர்ந்தது நம் ஊர்த் தளங்களில் நேராது. இழுபடும் பிவட் கால் மட்டும் எந்த ஊரிலும் டிராவலிங்தான்.